இரவு மூன்று மணியின் ஈரப்பதம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டி, மோட்டார் வாகன உதிரி பாகங்களுக்கு வர்ணம் பூசும் தொழிற்சாலை ஒன்றில், அதிகாலை மூன்று மணிக்குரிய ஈரப்பதம் ஷிப்ட் ரிஜிஸ்டரில் 61 சதவீதம் என்றும், திரையில் 65 சதவீதம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே பெயிண்ட் பூத்தின் ஒரே சென்சாரைச் சேர்ந்தவை. பளபளப்புக் குன்றிய சில பாகங்களின் காரணத்தை விசாரிக்கப் போன நான், பாகங்களை விட்டு இந்த எண்களின் பூர்வீகத்தைத் தேடுபவனாக மாறினேன்.

ரிஜிஸ்டரை எழுதியவரிடம் கேட்டபோது, "நாலு மணிக்குத் திரையைப் பார்த்துத்தான் சார் எழுதினேன்" என்றார். அதை நான் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் முதலில் சென்றது கடிகாரத்தின் மேல். சர்வர் UTC நேரத்தில் மணிகளைப் பிரித்தால், ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கும் நம் நாட்டில் ஒவ்வொரு மணியும் அரையில் தொடங்கும். ஆனால் அப்படியானால் மாதம் முழுவதும் பிசகியிருக்க வேண்டும். பிசகியதோ அந்த ஓர் இரவு மட்டுமே.

ஆகவே சென்சார் அனுப்பிய மூலப் பதிவுகளைப் பார்த்தேன். UPS பாட்டரி மாற்றுவதற்காக கேட்வே நிறுத்தப்பட்டதால், 1.10 முதல் 6.40 வரை ஒரு பதிவும் இல்லை. மூன்று மணிக்கு எந்தக் கருவியும் எதையும் அளக்கவில்லை. 61, 65 இரண்டுமே அனுமானங்கள். அவற்றை எழுதியவை இந்த இரண்டு வரிகள்:

```python
h = s.resample("1h").mean().reindex(hours)
h = h.interpolate(limit=2)
```

ஒரு மணியின் சராசரி 61. ஆறு மணியின் சராசரி 71. நடுவே நான்கு மணிகள் காலி. அதிகாலை நான்கு மணிக்குத் திரை புதுப்பிக்கப்பட்டபோது மறுகரை இல்லாததால், கடைசி மதிப்பான 61 இரண்டு மணிகளுக்கு அப்படியே நீட்டப்பட்டது. ஆறு மணிக் கணக்கு சேர்ந்த பின் நடந்த புதுப்பிப்பில், 61க்கும் 71க்கும் இடையே நேர்கோடு இழுக்கப்பட்டு, இரண்டு மணிக்கு 63, மூன்று மணிக்கு 65 என்று ஆயிற்று. நான்கும் ஐந்தும் காலியாகவே நின்றன. `limit=2` என்பதற்கு, இரண்டு மணிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தொடாதே என்று அதை எழுதியவர் பொருள் கொண்டிருந்தார் போலும். அதுவோ, எத்தனை நீண்ட இடைவெளியாயினும் முதல் இரண்டை நிரப்பிவிட்டு நிற்கும். 71 என்பதும் 6.40க்குப் பின் காலை ஷிப்ட் ஆட்கள் வந்து கதவுகளைத் திறந்த இருபது நிமிஷத்தின் சராசரிதான். அந்தக் கதவின் ஈரத்தை நடுநிசிக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தது நேர்கோடு.

வேறொரு விஷயமும் இதில் அகப்பட்டது. இந்தச் சென்சார் இரண்டு சதவீதம் மாறினால் மட்டும் பேசும். மாறாவிட்டால், தான் உயிரோடிருப்பதற்கு அடையாளமாக முப்பது நிமிஷத்துக்கு ஒரு முறை. 10.00, 10.30 மணிகளில் 58, பிறகு 10.50 முதல் இரண்டு நிமிஷத்துக்கொரு தரம் 60, 62, 64, 66 என்று வந்த ஒரு மணியை எடுத்துக்கொண்டால், வெறும் சராசரி 61.3, ஒவ்வொரு மதிப்பையும் அது நீடித்த நிமிஷங்களால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 58.9. அதிகம் பேசிய பத்து நிமிஷத்துக்கு, பேசாதிருந்த ஐம்பது நிமிஷத்தைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறது வெறும் சராசரி. ஆனால் முப்பது நிமிஷத்துக்கு மேல் மௌனம் நீடித்தால், அதை மாறாமையின் அறிகுறியாகக் கொள்ளலாகாது. அங்கேதான் இடைவெளி தொடங்குகிறது.

இடைவெளியின் நீளத்தை முதலில் எண்ணி, பிறகே நிரப்பும்படி மாற்றினோம்:

```python
n = h.isna()
run = n.groupby((~n).cumsum()).transform("sum")
ok = n & (run <= 2)
h = h.where(~ok, h.interpolate(limit_area="inside"))
```

இங்கே `h` என்பது நிமிஷக் கணக்கிட்ட சராசரி. இரு கரையும் உள்ள, இரண்டு மணிக்கு மேற்படாத இடைவெளி மட்டுமே நிரம்பும். அவ்வாறு நிரம்பியவை திரையில் வேறு நிறத்தில் தெரியும். முக்கால் மணிக்காவது பதிவு இல்லாத மணி காலியாகவே கொள்ளப்படும். 2014இல் வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீடும் ஒரு நாளின் கணக்குக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு கேட்கிறது. முக்கால் என்ற எங்கள் வரம்பு அதைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது, அவ்வளவே. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கடந்த 48 மணிகள் மூலப் பதிவிலிருந்தே மறுபடி கணக்கிடப்படுகின்றன. நேற்று நிரப்பிய எண்ணை இன்று அளவாக எண்ணி அதன்மேல் இன்னொன்றை நிரப்பும் விபரீதம் இதனால் நேராது.

கம்ப்ரஸர் அழுத்தத்துக்கும் இதே இரண்டு மணி போதுமா என்று பராமரிப்புப் பிரிவினர் கேட்டார்கள். நிமிஷத்துக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு வரம்பு பூஜ்யம் என்று வைத்தோம்; அந்தக் கோடு இப்போது துண்டு துண்டாகத்தான் தெரிகிறது, மேலாளருக்கு அதில் இன்னும் திருப்தியில்லை.