அரை மணி நேரப் பதற்றம்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் மணிமங்கலம் வந்து இறங்கியதும் நேராக ஜிம்முக்கு ஓடுவேன். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் குடிக்கவில்லை என்றால் எல்லாம் வீண்' என்றார்கள் அங்கிருந்த நண்பர்கள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கைவைத்து, 3,000 ரூபாய்க்குப் பவுடர் டப்பா வாங்கினேன். ஒருநாள் ஷேக்கரை ரூமிலேயே மறந்துவிட்டேன். அன்றைய உழைப்பே போச்சு என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

நர்ஸாக இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"அது கிடக்கட்டும்டா. நேத்து முழுக்க என்ன சாப்பிட்ட?"

காலையில் நாலு இட்லி, மதியம் கேன்டீன் சாம்பார் சாதம், இரவு மூணு தோசை. கூட்டினால் சுமார் 40 கிராம் புரதம். பவுடரைச் சேர்த்தாலும் 64 தான்.

"எடை தூக்குறவங்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரைக்கும் பலன் இருக்கு. நீ 60 கிலோ. உனக்கு 96 வேணும். குறை அங்கதான்டா இருக்கு!"

பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததையும் அக்காதான் சொன்னாள். உடனே குடித்தவர்களுக்குத் தசை கூடியது போலத் தெரிந்ததாம். ஆனால், அவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்ட புரதமே அதிகம். அதைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தின் மகிமை மறைந்துவிட்டது. பயிற்சி செய்த தசை, ஒரு நாள் வரைக்கும் புரதத்தை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் மட்டும் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது பழைய சாப்பாட்டோடு மூணு முட்டை, 50 கிராம் சோயா, ஒரு டம்ளர் பால், கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல். கணக்கு 96-ஐத் தொடுகிறது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

டப்பா தீர்ந்தது, அடுத்தது வாங்கவில்லை. அம்மாவுக்கு இந்த மாதம் முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது.