‘இன்று நடக்கிறான்’

அண்ணனின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பின்பக்கம் அம்மாவின் கையெழுத்து: ‘இன்று நடக்கிறான்.’ தேதி இல்லை. நடந்தான் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? பிள்ளையின் முதல் அடியை, முதல் சொல்லை இப்படி அன்றன்றே எழுதிவைக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடத் தொடங்கினேன்.

எட்ட முடிந்த பழைய பதிவு பிரான்ஸ் அரண்மனையில் கிடைத்தது. 1601இல் பிறந்த பதின்மூன்றாம் லூயியைப் பிறந்த நாள் முதல் கவனித்து எழுதியவர் மருத்துவர் ழான் எரோவார். குழந்தையின் மழலையைத் திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதினார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சார்லஸ் டார்வினின் குறிப்பேடு. மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27இல் பிறந்ததும் அதைத் தொடங்கினார். இடையிடையே மனைவி எம்மாவின் கையெழுத்தும் வருகிறது. ஐந்தரை மாதத்தில் குழந்தை ‘டா’ என்றது. எந்தத் தகப்பனும் துள்ளியிருப்பான். டார்வின் அதைச் சொல்லாகக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒலிக்குப் பொருள் எதுவும் இல்லை என்பதே காரணம். சரியாக ஒரு வயதில் ‘மம்’ வந்தது. நம் வீடுகளின் ‘மம்மம்’ போலவே, அதற்கும் சாப்பாடு என்றுதான் பொருள். பசித்தால் அழாமல் ‘மம்’ என்று கேட்டான். சர்க்கரைக்கு ‘ஷூ-மம்’ என்று பெயர் வைத்தான். அதிமதுர மிட்டாய் கறுப்பாக இருக்கவே, ‘பிளாக்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து அதற்கும் ஒரு பெயர் கட்டினான். ஒரே ஒலி ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப வந்ததால்தான் அது சொல்லாயிற்று.

37 ஆண்டுகள் கழித்து, 1877இல், ‘மைண்ட்’ இதழில் டார்வின் இதை வெளியிட்டார். தன் மகளின் பேச்சு வளர்ச்சி பற்றி பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேன் எழுதிய கட்டுரைதான் பழைய ஏட்டைத் தேடி எடுக்கவைத்தது. இத்தனை காலம் கழித்து அந்த வயதுக் கணக்கை நினைவிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. அன்றே எழுதியதால் நின்றது.

நடைக்கும் ஒரு அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எதையும் எவரையும் பிடிக்காமல் குறைந்தது ஐந்து அடி வைத்தால்தான் ‘தனியாக நடக்கிறது’ என்று எழுதினார்கள். ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதம் கடந்தும் அது நிகழலாம்.

அதைப் படித்தபின் அண்ணனின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில், அவன் கையைப் பற்றியிருக்கும் இரண்டு விரல்கள். அம்மாவிடம் காட்டினேன்.

“என் விரல்தான். படம் எடுத்தப்புறம் விட்டேன். தானா நடந்து வந்தான். உங்கப்பா கேமராவக் கீழ வெச்சிட்டு ஓடிப்போய்த் தூக்கிட்டார். அதுக்குப் படம் இல்லையேன்னுதான் பின்னால எழுதினேன்.”