அழிச்சிட்டன் என்று சொன்னேன்

1995 ஒக்டோபர் இடப்பெயர்வைப் பற்றி வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கைக்காரரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் ஒரு கோப்புறை நிறையக் கிடந்தன. எல்லாம் மார்க்டவுன் கோப்புகள். ஹியூகோவைக் கொண்டு அவற்றை வலைப்பூ ஆக்கினேன். அதற்கு ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தலைப்பு, திகதி, குறிச்சொல் என்று சில வரிகள் வேண்டும். கையால் எழுதப் பொறுமை இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் போட ஒரு சிறு நிரல் எழுதினேன். `draft: false` என்ற வரியையும் அதுவே எல்லாக் கோப்பிலும் எழுதியது.

அவற்றில் ஒன்று வெளியே வரக்கூடாதது. நடக்க மாட்டாத தாயை வீட்டில் விட்டுவிட்டுக் கைதடிப் பக்கம் போன ஒருவரைப் பற்றி, பேரும் சொல்லி, அயல்வீட்டு மாமி சொன்னது. "இது உனக்கு மட்டும், தம்பி" என்று சொல்லித்தான் தொடங்கினார். நிரலை ஓட்டியபோது அந்தச் சொல் என் நினைவில் இல்லை. குறிச்சொற் பக்கங்கள் தாமாகவே முளைத்தன. காப்பகப் பக்கம் ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் பேரன் கண்டு சொன்னான். உடனே அந்தக் கோப்பில் `draft: true` என்று மாற்றி மறுபடி ஓட்டி, பதிவேற்றினேன். காப்பகத்தில் அது இல்லை. குறிச்சொற் பட்டியலிலும் இல்லை.

"அழிச்சிட்டியோ?"

"ஓம் மாமி, அழிச்சிட்டன்."

அந்தப் பக்கத்தின் முகவரியைத் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை. எனக்குத் தெரியாததா என்ற செருக்கு.

ஹியூகோ `public` கோப்புறையில் புதிய பக்கங்களை எழுதும். முன்பு எழுதியது இப்போது வேண்டாததாகிவிட்டால் அதை அழிக்காது, அப்படியே விட்டுவிடும். அதன் ஆவணத்திலேயே இது இருக்கிறது. நான் வாசிக்கவில்லை. ஆகவே மாமியின் பக்கம் அங்கேயே இருந்தது. 'கைதடி' என்ற குறிச்சொல் அந்த ஒரு குறிப்புக்கு மட்டுமே உரியது. அதனால் அந்தக் குறிச்சொற் பக்கமும் பழைய தலைப்பைத் தாங்கியபடி நின்றது. இரண்டுக்கும் உள்ளே இருந்து இணைப்பு இல்லை, ஆனால் தேடுபொறி முன்பே கண்டுவைத்திருந்தது. செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
rm -rf public
hugo
rsync -a --delete public/ server:site/
```

`--delete` இல்லாவிட்டால் வழங்கியில் உள்ள பழைய பிரதி போகாது. கடைசியில் அந்த மனிதரின் பேரை `public` முழுவதும் `grep -rl` கொண்டு தேடினால், ஒரு கோப்பும் வராதபோதுதான் அது போய்விட்டது என்று சொல்லலாம்.

தேடியது நானல்ல. கனடாவில் இருக்கும் அந்த மனிதரின் மகள் தகப்பனின் பேரைத் தேடியிருக்கிறாள். பாட்டி எப்படித் தனித்தாள் என்பதை என் பக்கத்தில்தான் முதல் முறை வாசித்தாள். தகப்பனிடம் கேட்டாள். அவர் மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன பேசினார் என்று மாமி சொல்லவில்லை. அழித்துவிட்டதாக நான் சொன்னதை நம்பி, "அப்படி ஒன்றும் இல்லை" என்று மாமி அவரிடம் சாதித்திருக்கிறார். பிறகு அவள் பக்கத்தின் படத்தை அனுப்பினாள். பொய் சொன்னவர் என்ற பேர் மாமிக்கு வந்தது. பொய் என்னுடையது.