முதல் பக்கத்திலேயே கொலை

பூமணி ஐயா, உங்கள் ‘வெக்கை’ மறுபதிப்பு வரும்போதெல்லாம் ‘அசுரன் பார்த்தாச்சே, இனி எதற்கு?’ என்று கேட்கிறார்கள். 2019-இல் வந்த படம் தந்தையை நடுவில் நிறுத்தியது. 1982-இல் வந்த நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தோடு நடக்கிறது. கையை மட்டும் வெட்டப் போனவன் கொலைகாரனாகிவிட்டது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அதைச் சொல்வதில் ரகசியம் எதுவும் உடையாது.

‘பிறகு ஓட்டம்தானே, மெதுவாகப் போகிறதே’ என்பாரும் உண்டு. அந்த மெதுவில்தான் எனக்கு நாவலே இருக்கிறது. தேடப்படும் தகப்பனும் மகனும் காட்டில் அடுப்புக்கூட்டிச் சோறு பொங்குகிறார்கள்; பேச்சு பயிர்பச்சை, வீட்டு நினைப்பு என்று போகிறது. கொலையை நியாயப்படுத்தும் பிரசங்கம் கிடையாது. அரிவாளை எடுத்தவன் இன்னும் பிள்ளைதான் என்பதை அந்தச் சோற்றுப்பானைப் பக்கத்தில் வைத்தே காட்டிவிட்டீர்கள். பழிவாங்கும் கதை என்று இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐயா.