வெட்டப்பட்ட வரிகள்

எங்கள் கல்லூரிச் சஞ்சிகையிலே, இவ்வாண்டு இளைப்பாறும் கணித ஆசிரியரைப் பற்றி எழுதும் பணி எனக்கு வாய்த்தது. நான் அவருடைய மாணவன். பின்னர் பதினைந்து ஆண்டுகள் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவன். எழுதத் தொடங்கியதும் பேனா ஓடிற்று. முடிவிலே எண்ணிப் பார்த்தால் 1,800 சொற்கள். சஞ்சிகைக் குழு எனக்கு ஒதுக்கியதோ ஒரு பக்கம். 450 சொற்களுக்கு மேல் அதிலே இடமில்லை.

முதலில் வெட்டுவது எளிதாக இருந்தது. பிறந்த ஊர், பட்டம் பெற்ற ஆண்டு, வகித்த பொறுப்புகள் யாவற்றையும் எடுத்து, அவருடைய படத்தின் கீழ்ச் சிறு எழுத்தில் நாலு வரியாக அமைத்தேன். அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் பெயரை விரலால் மறைத்து, வேறோர் ஆசிரியரின் பெயரை மனத்திலே வைத்துப் படித்தேன். “கடமையே கண்ணாயினார்” என்பது எவருக்கும் பொருந்திற்று. “மாணவர்களைத் தம் மக்கள்போல் நேசித்தார்” என்பதும் அப்படியே. பொருந்தியவற்றை எல்லாம் அடித்துவிட்டேன். நெஞ்சாரப் புகழ்ந்து எழுதியவற்றுள் முக்காற் பங்கு போயிற்று. ஆயினும் அவரைப்பற்றிய செய்தி எதுவும் குறையவில்லை.

எஞ்சியவை மூன்று சம்பவங்கள். இரண்டை விலக்கி ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அது 1995ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்வதற்குச் சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்தது. கரும்பலகையில் ஆசிரியர் கேத்திரகணித நிறுவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முக்கோணிகளிலே இரு பக்கங்களும் ஒரு கோணமும் சமம் எனக் காட்டி, ஆகவே அவை ஒருங்கிசைவன என்றார். பின்வாங்கு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அந்தக் கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலே இல்லையே” என்றான். அவன் சொன்னது சரி. கோணம் இடையிலே அமையாவிட்டால், அதே அளவுகளைக் கொண்டு வெவ்வேறான இரு முக்கோணிகள் வரைய இடமுண்டு, நிறுவல் நில்லாது. ஆனால் ஆசிரியர் சினந்தார். குறுக்கே பேசியதற்காக அவனைப் பாடம் முடியும்வரை நிற்க வைத்தார்.

மறுநாட் காலை அவர் அதே உருவை மீண்டும் வரைந்தார். மண்ணெண்ணெய் விளக்கடியிலே இரவு அதைச் சரிபார்த்ததாகச் சொன்னார். பிழையான வரியைத் தாமே வட்டமிட்டுக் காட்டி, அந்த மாணவனை அழைத்து வெண்கட்டியை அவன் கையிற் கொடுத்து, “நேற்று நீ சொன்னது சரி, நான் செய்தது பிழை. நிறுவலை நீ முடி” என்றார்.

இடம் போதாமையாலும், இளைப்பாறுகின்ற ஒருவரின் சினத்தை எழுதலாகாது என்று சஞ்சிகைக் குழு மாணவர்கள் தயங்கியமையாலும், அவனை நிற்க வைத்த வரிகளை நீக்கினேன். மறுநாட் காட்சி மாத்திரம் நின்றது. இரவு மனைவியிடம் படித்துக் காட்டினேன். “மாணவன் பிழை கண்டுபிடித்தான், வாத்தியார் பாராட்டினார். இதில் என்ன புதுமை?” என்று கேட்டாள். அப்பொழுதுதான் விளங்கிற்று: குற்றத்தை வெட்டியபோது குணத்தையும் வெட்டிவிட்டேன்.

ஆயினும் அவ்வரிகளைத் திரும்பச் சேர்க்கும் உரிமை அவருடையதே என்று எண்ணி, இரு பிரதிகளையும் அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றேன். விறாந்தையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பின் பென்சிலை வாங்கி, நான் நீக்கிய வரிகளின் அருகே “இருக்க” என்று எழுதினார். “அவன் நாற்பது நிமிடம் நின்றவன், தம்பி. அதை விட்டால் நான் ஏதோ பெருந்தன்மை காட்டியதுபோல் ஆகிவிடும். நான் கொடுத்தது கடன்” என்றார். இடத்துக்காக எதை எடுப்பது என்று கேட்டேன். என் நன்றியுரையாக அமைந்த இறுதிப் பந்தியைக் கோடிட்டார். கணக்கு நேராயிற்று.

அந்தப் பந்தியிலே ஒரு வாக்கியம் இருந்தது. அன்று அந்தப் பிழையை நானும் கண்டேன். முதல் வாங்கில் இருந்தும் வாய் திறக்கவில்லை. ஒருவன் எனக்காகவும் நின்றான் என்பதே அது. அவருக்குரிய பக்கத்திலே அதற்கு இடமில்லை என்பது நியாயந்தான். அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.