ரெஸ்யூமில் காணாமல் போன கன்னடம்

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சதும் வகுப்பே ரெஸ்யூமும் கையுமாக சிப்காட் பக்கம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் நண்பன் ஒருவனின் ரெஸ்யூமைப் பற்றித்தான் இந்தப் பதிவு. (அவனிடம் அனுமதி வாங்கியாச்சு. பேர் மட்டும் போடக்கூடாதாம்.)

அவன் ரெஸ்யூம் ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி வைத்திருக்கிறார். பேரையும் மார்க்கையும் மாற்றினால் பிரிண்ட் ரெடி. மேலே நாலு வரி லட்சியம், கீழே "மேற்கண்டவை யாவும் உண்மை". நடுவில் அனுபவம் என்ற இடத்தில் "இல்லை". தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம். ஆறு கம்பெனியில் கொடுத்தான். ஒரு போன்கூட வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்தார். ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு நண்பனிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஏன்டா, உங்க வீட்ல என்ன பேசுவீங்க?"

"தெலுங்குண்ணா."

"கன்னடம்?"

"அது வரும்ணா. எழுதப் படிக்கத் தெரியாது. அதான் போடல."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. பல கம்பெனிகளுக்கு பாதி சரக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. லாரி எங்கே நிற்கிறது, பில் ஏன் வரவில்லை என்று சப்ளையரிடம் போனில் கேட்க ஆள் வேண்டும். "கன்னடம், தெலுங்கு: பேச மட்டும்" என்று போடச் சொன்னார். பேச மட்டும் என்பதை மறைக்காமல் போட்டால், எழுதச் சொல்லி யாரும் மாட்டிவிட முடியாது.

அடுத்தது அந்த "இல்லை". இவன் ரெண்டு வருஷமாக சாயங்காலம் மாமாவின் ஹார்டுவேர் கடையில் இருக்கிறான். அது வேலையில்லையாம், மாமா கடையாம்! அங்கே என்னதான் செய்வாய் என்று தோண்டித் தோண்டிக் கேட்டதில் இப்படி ஒரு வரி வந்தது: "வரும் சரக்கை எண்ணி பில்லோடு ஒத்துப் பார்த்தல், குறைந்தால் பில்லிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குதல், டேலியில் மாதம் சுமார் 60 பர்சேஸ் பில் என்ட்ரி." கம்பெனி ஸ்டோர்ஸில் ஜிஆர்என் போடுகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். ரெஸ்யூம் கொஞ்சம் தெம்பானதும் பயல் "ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல்" என்றும் சேர்த்தான். அதைச் செய்வது மாமாவின் ஆடிட்டர் ஆபீஸ். அண்ணன் அடித்துவிட்டார். ரெண்டாவது கேள்வியிலேயே கவிழ்ந்துவிடுவானாம்.

பிறகு மாதிரி இன்டர்வியூ. அண்ணன் ஒரு தாளில் பில் எழுதி நீட்டினார். அத்திப்பள்ளி சப்ளையர், ஓசூர் கம்பெனிக்கு போல்ட் அனுப்புகிறார். சரக்கு 1,00,000 ரூபாய். சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000. மொத்தம் 1,18,000. "என்ட்ரி போடு."

கூட்டல் சரி, 18 சதவீதம் சரி. நான் போட்டிருப்பேன். (பி.காம். மூணாவது வருஷம், வெட்கம்தான்!)

நண்பன் மட்டும் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தான். 15 எழுத்தில் முதல் ரெண்டு மாநிலக் குறியீடு. சப்ளையருக்கு 29, கர்நாடகா. கம்பெனிக்கு 33, தமிழ்நாடு. சரக்கு மாநிலம் தாண்டி ஓசூரில் இறங்குகிறது. அப்படியானால் ரெண்டாகப் பிரிக்காமல் 18,000-மும் ஐஜிஎஸ்டியாக வந்திருக்க வேண்டும். கர்நாடகாவுக்குக் கட்டிய வரியை ஓசூர் கம்பெனி கிரெடிட் எடுக்க முடியாது. என்ட்ரி போட்டுவிட்டால் 18,000 ரூபாய் மாட்டிக்கொள்ளும். பில்லை நிறுத்திவைத்து, சப்ளையரிடம் திருத்திய பில் கேட்க வேண்டும்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"மாமாவுக்கு ஒரு தடவை இப்படி வந்துச்சுண்ணா. நான்தான் போன் பண்ணி கன்னடத்துல பேசி மாத்தினேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இதை ஏன்டா எங்கயும் சொல்லல?" என்றார். "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேட்டபோது இவன் சொன்னது பேர், ஊர், அப்பா பேர், பொழுதுபோக்கு கிரிக்கெட். அதெல்லாம்தான் தாளிலேயே இருக்கிறதே! இனி அந்தக் கேள்விக்கு இந்த போல்ட் கதையையே ஒரு நிமிஷத்தில் சொல்லச் சொன்னார். நாலு தடவை சொல்ல வைத்தார். மூணாவது தடவைதான் "ஆக்சுவலி" குறைந்தது :)

புது ரெஸ்யூம் மூன்று இடத்துக்குப் போனது. ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் கம்பெனி அனுபவம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அங்கே இன்டர்வியூ செய்தவர், தங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை அங்கே போகிறான், ஸ்டோர்ஸ் வேலைக்கு.

அடுத்த ஞாயிறு என் முறை. என் ரெஸ்யூமிலும் அனுபவம் "இல்லை"தான். அம்மாவின் மகளிர் குழு கணக்கு நோட்டை ஐந்து வருஷமாக எழுதுவது நான்தான் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.