சாவியைக் கொடுக்குமுன்

வீட்டில் சும்மா நிற்கும் வானைச் சாரதியின்றி வாடகைக்கு விட்டால் நாலு காசு வருமே என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. எனக்கும் அவ்வெண்ணம் உண்டானபோது முதலில் எடுத்துப் பார்த்தது காப்புறுதிப் பத்திரத்தைத்தான். வண்டி எந்த உபயோகத்துக்கெனக் காப்புறுதி செய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி உண்டு. சொந்த உபயோகத்துக்கென எழுதப்பட்ட பத்திரம் வாடகைக்கு ஓடும் வண்டியைக் காப்பதில்லை. முழுமையான காப்புறுதி என்ற பெயர் அவ்வரியை அழித்துவிடாது.

எங்கள் அயலிலுள்ள ஆசிரியர் ஒருவர் தமது வானை நாளொன்றுக்கு 10,000 ரூபாவுக்கு விட்டார். வாங்கிச் சென்றவர் மூன்றாம் நாள் அதை ஒரு மதகில் மோதிவிட்டார். திருத்தச் செலவு 4 இலட்சம். விசாரணையில் வாடகை ஒப்பந்தம் வெளிவரவே, நிறுவனம் கையை விரித்தது. வண்டி 20 நாட்கள் பட்டறையில் நின்றதால் வாடகை 2 இலட்சமும் போயிற்று. கையிலிருந்த வைப்புப் பணம் 50,000 ரூபா மட்டுமே. ஆக, ஐந்தரை இலட்சம் அவர் தலையில் விழுந்தது.

வாடகைக்கு விடும் வண்டியென்று முன்னரே அறிவித்து, அதற்குரிய கூடுதற் கட்டணத்தையும் செலுத்தியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். உரிமையாளரே ஏற்கவேண்டிய முதற்பங்கு 50,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மிகுதி மூன்றரை இலட்சத்தை நிறுவனம் கொடுக்கும். முதற்பங்கை வைப்புப் பணம் ஈடுசெய்யும். ஆகவே வைப்புப் பணம் முதற்பங்கிலும் குறையலாகாது. ஆனால் பட்டறையில் நின்ற நாட்களின் வாடகையைச் சாதாரண காப்புறுதி தராது. அதை வாடகையாளரே செலுத்தவேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாற்றான் கேட்கலாம்.

வீதியிற் சென்றவர் காயமுற்றால் என்ன செய்வது? வாடகையாளர் நமது வேலையாளர் அல்லர். தமது அலுவலுக்காகவே வண்டி ஓட்டுகிறார். ஆதலால் அவருடைய கவனக்குறைவு முதலில் அவரையே சாரும். எனினும் தேய்ந்த பிரேக்குடன் வண்டியைக் கொடுத்திருந்தாலோ, அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் சாவியை ஒப்படைத்திருந்தாலோ, அது நமது சொந்தக் குற்றமாகிவிடும். அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும், வண்டியைக் கடைசியாகப் பரிசோதித்த பற்றுச்சீட்டையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.

இன்னுமொன்று. வாங்கிச் சென்றவரே வண்டியை அடகு வைத்துவிட்டு மறைந்தால், அது களவன்று, நம்பிக்கை மோசடி எனக் கூறி இழப்பீட்டை மறுக்கும் பத்திரங்கள் பல உண்டு. இந்த இடருக்கும் காப்பு உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளவேண்டும். அப்பதில் வந்த பின்னரே நான் வாடகையை நிர்ணயித்தேன்.